ஒடியல் கூழின் கைக்கணக்கைக் கரண்டிக்கு மாற்றுவது

கேள்வி: அம்மம்மா புதுக்குடியிருப்பில் இருக்கிறா. நான் வேலைக்காக வவுனியாவில் அறை எடுத்து இருக்கிறேன். ஆறு பேருக்கு ஒடியல் கூழ் காய்ச்ச ஃபோனில் கேட்டு எழுதினேன்: நாலு சிறங்கை ஒடியல் மா, ஒரு பிடி அரிசி, ஒரு பிடி முருங்கையிலை, அரைப்பிடி கல்லுப்பு, ரெண்டு நுள்ளு மஞ்சள், ஒரு கை செத்தல், தேசிக்காய் அளவு பழப்புளி. என் கை பெரிய கை, காய்ச்சினால் களி மாதிரி இறுகிப் போகுது, உப்பும் கூடுது. இதை மேசைக்கரண்டி, தேக்கரண்டி கணக்கில் எப்படி மாற்றுவது?

பதில்:

உங்கள் கூழ் இறுகுவதற்கும் உப்புக் கூடுவதற்கும் காரணம் ஒன்றுதான். அம்மம்மா சொன்னது தன்னுடைய கைக்கணக்கு, நீங்கள் அள்ளியது உங்கள் கையால். நான் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன், கைக்கணக்கைக் கரண்டிக்கு மாற்றுவது பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் செய்து காட்டுகிற வேலை, அதனால் உங்கள் கூழையே எடுத்து முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

முதலில் கரண்டியைச் சரி பார்க்க வேண்டும், ஏனென்றால் கரண்டியே பிழையாக இருந்தால் மற்றக் கணக்கெல்லாம் வீண். குறிப்புகளில் வருகிற தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், அதாவது மூன்று தேக்கரண்டி ஒரு மேசைக்கரண்டி. ஆனால் நாங்கள் வீட்டில் சோறு சாப்பிடுகிற கரண்டி பெரும்பாலும் 10 மில்லிலீற்றர் அளவில்தான் பிடிக்கும், தேத்தண்ணிக்குச் சீனி கலக்குகிற சின்னக் கரண்டி சிலது 3 அல்லது 4தான். அறையில் அளவுக் கரண்டி இல்லாவிட்டால் மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், அல்லது பிள்ளைகளின் காய்ச்சல் சிரப்போடு வருகிற 5 மில்லிலீற்றர் கோடு போட்ட மூடியை எடுங்கள். உங்கள் கரண்டியில் தண்ணீரை விளிம்பு மட்டும், மேலே குமிழாமல் விட்டு, அந்தத் தண்ணீரை அளந்தால் உங்கள் கரண்டியின் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய அளவுக் கரண்டி யாரிடமாவது இருந்தால் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், அங்கே மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். நாலு கரண்டி போட்டால் ஐந்துக்கு மேல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது மட்டக் கரண்டி. இந்தப் பதிலில் நான் கரண்டி என்று சொல்வதெல்லாம் நிறைய அள்ளி, கத்தியின் பின்பக்கத்தால் வழித்து மட்டமாக்கிய கரண்டி. குவித்து அள்ளினால் மாவிலும் தூளிலும் ஒன்றரை மடங்கு, சில வேளை இரண்டு மடங்கும் ஏறும். அம்மம்மாவிடமிருந்து எழுதிய குறிப்பை மாற்றிவிட்டு, கடைசியில் குவிந்த கரண்டியால் போட்டால் திரும்ப அதே களிதான்.

சரி, இப்ப கைக்கு வருவோம்.

நுள்ளு, பிடி, சிறங்கை மூன்றையும் ஒரே மாதிரி மாற்ற முடியாது. பிடி என்றால் மூடிய கை, விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அகப்படுவது மட்டும். சிறங்கை என்றால் உள்ளங்கையைக் குழித்து மேலே பார்க்க வைத்து அள்ளுவது, அதில் குவியலும் நிற்கும். ஒரே ஆளின் கையில் ஒரு பிடி அரிசியும் ஒரு சிறங்கை அரிசியும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றரை என்ற வித்தியாசத்தில் வரும். பொருளைப் பொறுத்தும் மாறும். அரிசி வழுகும், இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கால் கொட்டும், அதனால் யார் எத்தனை தரம் பிடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும். மா அப்படியில்லை, அழுத்தினால் அழுங்கும், குவித்தால் மலை மாதிரி நிற்கும், ஆகவே ஒரே கையிலேயே ஒரு சிறங்கைக்கும் மறு சிறங்கைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். இலையோ அமுங்கித் திரும்ப எழும்பும். உங்கள் கூழ் பழுதாவது மாவில்தான், அரிசியில் இல்லை. கவனம் முழுவதும் மாவுக்கும் உப்புக்கும் புளிக்கும் போகட்டும்.

உங்கள் கையை இப்படி அளவெடுங்கள். ஒரு பெரிய தட்டில் ஒடியல் மாவைக் கொட்டி விரலால் கிளறித் தளர்த்திவிடுங்கள், பையில் அமுங்கிக் கிடந்த மாவை அப்படியே அள்ளக் கூடாது. வழக்கமாக அள்ளுகிற மாதிரியே ஒரு சிறங்கை அள்ளி வேறு தட்டில் போடுங்கள். பிறகு அதை மட்டக் கரண்டியால் எண்ணி எண்ணித் திரும்பப் பைக்குள் போடுங்கள். நாலைந்து தரம் அள்ளிச் சராசரி எடுத்தால் போதும், முதல் தரம் அள்ளியதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் ஆராவது அளக்கிறார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே கூடவோ குறையவோ அள்ளும். இதே மாதிரி அரிசிக்கும் ஒரு பிடி. பெரிய ஆண் கை என்றால் ஒரு சிறங்கை மா ஏழெட்டு மேசைக்கரண்டியும், ஒரு பிடி அரிசி நாலு மேசைக்கரண்டியும் வரக்கூடும். உங்களுக்கு எட்டும் நாலும் வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், வேறு எண் வந்தால் அதைப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

இனி அம்மம்மாவின் கை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அவவின் வலக்கையை அளந்து சொல்லச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்குகிற மடிப்பு ரேகையில் இருந்து நடுவிரல் நுனி வரை, விரலை நேராக நீட்டி வைத்து. நகத்தைச் சேர்க்க வேண்டாம். அதே மாதிரி உங்கள் கையையும் அளவுங்கள். அவவுக்கு 16 சென்ரிமீற்றர், உங்களுக்கு 18 சென்ரிமீற்றர் என்றால் வித்தியாசம் 2 சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் கைக்குள் அடங்குகிற அளவு நீளத்தோடு மட்டும் மாறுவதில்லை, அகலமும் குழிவும் சேர்ந்து மாறும், அதனால் நீளங்களின் விகிதத்தை மூன்று தரம் பெருக்க வேண்டும். 16ஐ 18ஆல் பிரித்தால் 0.89, அதை மூன்று தரம் பெருக்கினால் 0.7. உங்கள் ஒரு சிறங்கையில் பத்தில் ஏழு பங்குதான் அவவின் சிறங்கை. மறுவளமாகப் பார்த்தால், அவ நாலு சிறங்கை என்று சொன்னதை நீங்கள் உங்கள் கையால் அள்ளும்போது அவ போடுவதைவிட நாற்பது வீதத்துக்கு மேல் கூடப் போடுகிறீர்கள். அந்த நாற்பது வீதம் மா கூழைக் களியாக்கப் போதும்.

இது உத்தேசக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். வயதான கையில் விரல் முழுதாக மடங்காது, சிலருக்கு உள்ளங்கை ஆழம் குறைவு, சிலர் நுனி விரலை ஒட்டாமல் அள்ளுவார்கள். ஆகவே இந்த 0.7 முதல் தரம் காய்ச்சுவதற்கான எண். அம்மம்மாவின் கையாலேயே அளக்கிற வாய்ப்பு இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அவ அடுத்த தரம் காய்ச்சும்போது மாவைச் சட்டியில் நேராகக் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி, வீட்டில் நிற்கிற யாராவது கரண்டியால் எண்ணினால் இந்த விகிதக் கணக்கே தேவைப்படாது. நிறையப் பேர் "அம்மம்மா, எத்தனை கரண்டி?" என்று கேட்பார்கள். அவ சொல்வது வெறும் ஊகம், ஏனென்றால் அவ கரண்டியால் அளந்ததே இல்லை. அவவிடம் செய்யச் சொல்லுங்கள், கரண்டியை நீங்கள் எண்ணுங்கள்.

மாவின் கணக்கு இப்படி வரும். உங்கள் சிறங்கை 8 மேசைக்கரண்டி, அதில் பத்தில் ஏழு 5.6, ஐந்தரை என்று வைப்போம். நாலு சிறங்கைக்கு 22 மேசைக்கரண்டி. தளர்த்திய ஒடியல் மா ஒரு மட்ட மேசைக்கரண்டி ஏறக்குறைய 8 முதல் 10 கிராம் நிறுக்கும், இடித்த மா கொஞ்சம் பரும்படியாக இருப்பதால் கூடக் குறைய வரும். ஆக மொத்தம் 200 கிராமுக்குக் கிட்ட. ஆறு பேருக்குத் தண்ணீர் இரண்டு லீற்றர் என்று வைத்தால், அதற்கு 200 கிராம் மா, நூறுக்குப் பத்து. குடிக்கிற பதத்துக் கூழுக்கு இது பொருந்துகிற அளவு, அதனால் அம்மம்மாவின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போட்டது 32 மேசைக்கரண்டி, 290 கிராம் அளவில். அந்தக் கூழில் அகப்பை நட்டால் நிற்கும்.

மாவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒடியல் மாவின் காறல் போக முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்தபின் மேல் தண்ணீரை வடித்து ஊற்றுகிறோம். அம்மம்மா நாலு சிறங்கை என்றது ஊறவிடுவதற்கு முந்திய காய்ந்த மாவா, வடித்தபின் அடியில் படிந்திருக்கிற ஈர மாவா? நான் கண்ட வீடுகளில் காய்ந்த மாவைத்தான் அள்ளுவார்கள், இருந்தாலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஈர மா என்று சொன்னால், 10 மட்ட மேசைக்கரண்டி காய்ந்த மாவை எடுத்து ஊறவைத்து வடித்து, எத்தனை மேசைக்கரண்டி ஈர மா வருகிறது என்று பார்த்து அந்த விகிதத்தால் மாற்றுங்கள். கடைக்குக் கடை, பையிற்குப் பை மா வேறு அரைவையில் வருவதால் இதற்கு நான் ஒரு எண் தர மாட்டேன், உங்கள் கையில் இருக்கும் மாவிலேயே பாருங்கள். ஊறவிடுவதைக் குறைத்து அளவைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம், காறல் போகவிடாத கூழைக் குடிக்கவே கூடாது.

அரிசிக்கு இவ்வளவு மினக்கெட வேண்டியதில்லை. உங்கள் பிடி நாலு மேசைக்கரண்டி, அவவின் பிடி 2.8, மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி அரிசி 40 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் இரண்டு லீற்றர் கூழில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முருங்கையிலையைக் கரண்டியால் அளப்பதே தேவையில்லாத வேலை. உருவிய இலையை அமுக்காமல் ஒரு சாதாரணத் தேத்தண்ணிக் கோப்பை நிறையப் போட்டால் ஒரு சின்னக் கைப்பிடி ஆகிவிடும். கரண்டிதான் வேண்டும் என்றால் கையால் இறுக்கி அமுக்கி நாலைந்து மேசைக்கரண்டி. காம்பைக் கழித்தபின் அளவுங்கள், காம்போடு பிடித்த ஒரு பிடியில் பாதிதான் இலை.

உப்புக்கு வருவோம். ஆனையிறவுக் கல்லுப்பு போல பரும்படியான உப்பை அவ பிடியால் அள்ளுகிறா. உங்கள் அறையில் பெரும்பாலும் தூள் உப்புப் பக்கெற் இருக்கும். கல்லுப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று இருப்பதால் ஒரே கரண்டியில் தூள் உப்புத்தான் பாரம் கூட. தூள் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி 6 கிராம், கல்லுப்பு 5 கிராம் அளவில், கல் பெரிதென்றால் அதற்கும் குறைய. இப்ப அரைப்பிடி: அவவின் முழுப் பிடி மூன்று மேசைக்கரண்டி என்று அரிசியில் கண்டோம், உப்புக்கும் அதையே வைத்தால் அரைப்பிடி ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது நாலரைத் தேக்கரண்டி கல்லுப்பு, 22 கிராம் அளவு. அதே 22 கிராமைத் தூள் உப்பாகப் போட மூன்றரைத் தேக்கரண்டியும் ஒரு சொட்டும் போதும். நீங்கள் உங்கள் அரைப்பிடியை, அதுவும் தூள் உப்பால் போட்டிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி, ஆறு தேக்கரண்டி, 36 கிராம். கை பெரிதானதும் உப்பு மாறியதும் சேர்ந்து ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

உப்பைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது, எந்தக் கைக்கணக்கை மாற்றினாலும் கடைசியில் இதைப் பாருங்கள். குடிக்கிற கறி, கூழ், ரசம் மாதிரியானவற்றில் மொத்தப் பாரத்தில் நூறுக்கு முக்கால் முதல் ஒரு பங்கு உப்பு இருந்தால் நாக்குக்குச் சரியாக இருக்கும். உங்கள் சட்டியில் தண்ணீர் இரண்டு கிலோ, மா, மீன், இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேர்த்து ஒரு கிலோ என்றால் மூன்று கிலோ. அதில் 22 கிராம் உப்பு நூறுக்கு 0.73. நண்டும் இறாலும் தாங்களே கொஞ்சம் உப்பு விடும், ஆகவே கீழ்ப்பக்க எண் பொருத்தம். 36 கிராம் நூறுக்கு 1.2, உவர்க்கும். கருவாடும் போடுகிறவர்கள் தொடக்கத்தில் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போடாமல், கருவாடு அவிந்தபின் ருசி பார்த்துக் கூட்டுவதுதான் நல்லது. மாற்றிய எண்ணை இப்படிப் பாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நூறுக்கு 2 அல்லது 0.3 என்று வந்தவுடனேயே எங்கேயோ பிழை என்று சட்டியில் போடுவதற்கு முந்தியே பிடித்துவிடலாம்.

நுள்ளு. இதில் கை பெரிதா சின்னதா என்பதைவிட எத்தனை விரல் என்பதுதான் பெரிய வித்தியாசம். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சேர்த்து எடுத்தால் பதினாறு நுள்ளு ஒரு தேக்கரண்டி, நடுவிரலும் சேர்ந்தால் எட்டு நுள்ளு ஒரு தேக்கரண்டி, இது மா மாதிரி மெல்லிய தூளுக்கு. ஒரு நுள்ளைத் தனியாக அளக்க முயன்றால் கரண்டியின் அடியில் ஒட்டியிருப்பதைத்தான் பார்ப்பீர்கள், அதனால் எட்டுத் தரம் நுள்ளி ஒரே கரண்டியில் போட்டு மட்டமாகிறதா என்று பாருங்கள், நிறையாவிட்டால் உங்கள் நுள்ளு சின்னது. விரல் ஈரமாக இருந்தால் பாதித் தூள் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டு நுள்ளுங்கள். மஞ்சளுக்கு மூன்று விரலால் இரண்டு நுள்ளு கால் தேக்கரண்டி. அம்மம்மா இரண்டு விரலால் நுள்ளுகிறவ என்றால் அதில் பாதி. எது என்று கேட்காமல் போட்டாலும் கூழ் பழுதாகாது, நிறம்தான் சற்று மங்கும். கல்லுப்பை நுள்ளுக் கணக்கில் எழுதியிருந்தால் மட்டும் இந்த எண் பொருந்தாது, மூன்று விரலுக்குள் அகப்படுவது சில கல்தான், அதைக் கரைத்து ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

செத்தலை எண்ணுங்கள், கரண்டி வேண்டாம். அவவின் ஒரு கைக்குள் நடுத்தர நீளச் செத்தல் 12 முதல் 15 அகப்படும், ஊறவைத்து அரைத்துக் கூழில் கரைப்பீர்கள். அரைக்க வசதி இல்லாமல் தனிமிளகாய்த்தூள் போடுவதென்றால், மூன்று நாலு செத்தல் ஒரு தேக்கரண்டித் தூள் என்று வைத்து நாலு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் தொடங்குங்கள். கறிக்குப் போடுகிற வறுத்த தூளை இதற்குப் பதிலாகப் போட வேண்டாம், அதில் மல்லியும் சீரகமும் இருக்கிறது, கூழின் ருசியே மாறிவிடும்.

பழப்புளியில் ஏமாறுகிறவர்கள் அதிகம். தேசிக்காய் அளவு என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் எந்தத் தேசிக்காய்? 4 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள சின்னத் தேசிக்காய் 33 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டியும் ஒரு சொட்டும். 5 சென்ரிமீற்றர் உள்ள நல்ல பருத்த தேசிக்காய் 65 மில்லிலீற்றர், நாலு மேசைக்கரண்டியைத் தாண்டும். ஒரு சென்ரிமீற்றர் கூடினதற்குப் புளி இரண்டு மடங்கு. கையில் உருட்டுகிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், அதனால் உருண்டை அளவை நம்பி மாற்றாமல் ஒரு தரம் கரண்டியில் அமுக்கி அளந்துவிடுங்கள். உங்கள் மூன்று கிலோக் கூழுக்கு விதையும் நாரும் எடுத்த பழப்புளி அமுக்கி இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கலாம், 40 கிராம் அளவில் வரும். ஒரு பேணி தண்ணீரில் கரைத்து, முக்கால் பங்கை முதலில் விட்டு, மிச்சத்தை ருசி பார்த்து விடுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு லீற்றருக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூழ் நீர்த்துப் போய் மா குறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மா ஊறிய தண்ணீரை வடித்தபின் மாவில் நிற்கிற ஈரமும் கொஞ்சம் சேரும், அதை விட்டுவிடலாம்.

ஆக இந்தச் சனிக்கிழமை காய்ச்சுவதானால் குறிப்பில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ஒடியல் மா 22 மேசைக்கரண்டி, அரிசி 3 மேசைக்கரண்டி, முருங்கையிலை அமுக்காமல் ஒரு கோப்பை, தூள் உப்பு மூன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, செத்தல் 12, பழப்புளி 2 மேசைக்கரண்டி, தண்ணீர் எல்லாமாக 2 லீற்றர். மா, உப்பு, புளி மூன்றையும் முதல் தரம் முழுதாகப் போடாமல் மாவில் நாலு மேசைக்கரண்டி, உப்பில் ஒரு தேக்கரண்டி, புளியில் கால் பங்கு ஒதுக்கி வையுங்கள். அரிசி, பலாக்கொட்டை, கிழங்கு, மீன், நண்டு எல்லாம் அவிந்தபின்தான் கரைத்த மாவை விடுவோம் என்பதால் ஒதுக்கியதைச் சேர்க்க நேரம் இருக்கும். ஆனால் கூட்டும்போது காய்ந்த மாவைச் சட்டிக்குள் தூவ வேண்டாம், கட்டி கட்டியாகும், ஒதுக்கிய மாவும் மற்றதோடு ஊறி வடிந்து வேறு கிண்ணத்தில் கரைந்து நிற்க வேண்டும்.

பதம் பார்ப்பதற்கும் கரண்டியே போதும். மா விட்டுக் கிளறிப் பத்து நிமிடம் கொதித்தபின் அகப்பையால் அள்ளிச் சரித்தால் கூழ் அறாமல் நூலாக ஓட வேண்டும், கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். சொத்துச் சொத்தென்று விழுந்தால் மா கூட. தண்ணீர் மாதிரி ஓடிக் கரண்டி முதுகு வெறுமையாகத் தெரிந்தால் ஒதுக்கி வைத்ததில் இரண்டு கரண்டியைக் கரைத்து விடலாம். அடுப்பில் இருக்கும்போது சரியான பதம் என்று தெரிந்தால் அது கொஞ்சம் இறுக்கம் என்றே அர்த்தம், ஆறும்போது மா இன்னும் இறுகும், பிளாவில் வார்த்துக் குடிக்கிற நேரம் நீங்கள் நினைத்ததைவிடத் தடிப்பாகிவிடும். ஆகவே அடுப்பில் ஒரு படி நீர்த்த பதத்தில் இறக்குங்கள். இறுகிப் போனதைச் சுடுதண்ணீர் விட்டு இளக்கலாம், பச்சைத் தண்ணீர் விட வேண்டாம், இளக்கியபின் உப்பும் புளியும் திரும்பப் பார்க்க வேண்டும்.

சரியாக வந்த அன்றே, ஒதுக்கியதில் எவ்வளவு சேர்த்தீர்கள், எவ்வளவு மிஞ்சியது என்று அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மா 22இல் 19தான் போனது என்றால் உங்கள் குறிப்பு இனி 19. கடையை மாற்றினால், அல்லது புதுப் பனங்கிழங்கில் இடித்த மா ஊரிலிருந்து வந்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் திரும்பப் பாருங்கள், உப்பும் புளியும் அப்படியே நிற்கும்.

கடைசியாக, வீட்டு விசேஷத்துக்கு இருபது பேருக்குக் காய்ச்சச் சொன்னால் கையால் பெருக்க வேண்டாம். சிறங்கையை பதினாலு தரம் அள்ளும்போது ஒவ்வொரு சிறங்கையிலும் இருக்கிற சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும், எண்ணிக்கையும் தவறக்கூடும். கரண்டிக் கணக்கைக் கிராமுக்கு மாற்றி, ஆறு பேருக்கு 200 கிராம் என்றால் இருபது பேருக்கு 670 கிராம் என்று தராசில் நிறுத்து எடுங்கள். தண்ணீரை மட்டும் அதே விகிதத்தில் முழுதாகக் கூட்டாமல் ஒரு லீற்றர் குறைத்துத் தொடங்குங்கள், பெரிய கிடாரத்தில் ஆவியாகிப் போகும் பங்கு சின்னச் சட்டியைவிடக் குறைவு. உப்பையும் முக்கால் பங்கு போட்டு, மீன் அவிந்தபின் மிச்சத்தைப் போடுங்கள்.